கணக்கில் பணம் இருந்தும் இணையத்தில் அட்டை மறுக்கப்பட்டால், தடை எந்தக் கட்டத்தில் விழுந்தது?

இணையத்தில் அட்டை மறுக்கப்பட்டதும் பலரும் முதலில் கணக்கு இருப்பைத்தான் பார்க்கிறார்கள். பணம் போதுமான அளவு இருப்பதைக் கண்டதும், பிழை விற்பனைத் தளத்தில்தான் என்று முடிவு செய்து அதே அட்டையை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கிறார்கள். இந்தியாவில் வழங்கப்பட்ட அட்டைகளைப் பொறுத்தவரை இருப்பு என்பது வங்கி சரிபார்க்கும் பல விஷயங்களில் ஒன்று மட்டுமே. அதற்கு முன்பே பரிவர்த்தனையை நிறுத்தக்கூடிய பூட்டுகள் பல உள்ளன. ஆகவே ‘ஏன் மறுத்தார்கள்’ என்று யோசிப்பதற்கு முன், ‘எந்தக் கட்டத்தில் நின்றது’ என்று பார்ப்பதே காரணத்தை அடையும் குறுக்கு வழி.

அட்டை எண், காலாவதித் தேதி, சிவிவி ஆகியவற்றை இட்டுப் பொத்தானை அழுத்திய பின் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முதலாவது, அட்டையைப் பயன்படுத்துபவர் அதன் உரிமையாளர்தானா என்று உறுதி செய்வது. உள்நாட்டு விற்பனையாளர்களிடம் ஓடிபி பக்கம் வருவது இதற்காகத்தான். இரண்டாவது, இந்தத் தொகையை இந்த விற்பனையாளருக்கு இப்போது அனுமதிக்கலாமா என்று வங்கி தீர்மானிப்பது. இந்த இரண்டும் வேறு வேறு கணினி அமைப்புகளில் நடப்பதால், ஓடிபி ஏற்கப்பட்டுவிட்டது என்பதற்குப் பணம் அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று பொருளில்லை. ஓடிபி பக்கம் வந்ததா, ஓடிபி கைக்கு வந்ததா, அதை இட்ட பிறகு என்ன நடந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் கீழே உங்களுக்குரிய பகுதிக்கு நேராகச் செல்லலாம்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செயலியில் தெரியும் மொத்த இருப்பும் செலவழிக்கக் கூடிய இருப்பும் ஒன்றல்ல. இன்னும் தீராத காசோலை, வங்கி நிறுத்தி வைத்துள்ள தொகை, முந்தைய முயற்சி ஒன்றில் முடக்கப்பட்டு இன்னும் விடுவிக்கப்படாத தொகை ஆகியவை கழிந்த பிறகு எஞ்சுவதைத்தான் வங்கி கணக்கில் கொள்ளும். அந்தத் தொகையும் போதுமானதாக இருந்தால் மேலே செல்லலாம்.

அறிகுறி 1: ஓடிபி பக்கமே வராமல் உடனே மறுக்கப்படுகிறது

அண்மையில் கைக்கு வந்த அட்டை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட உத்தரவின்படி, புதிதாக வழங்கப்படும் அல்லது மாற்றித் தரப்படும் அட்டைகள் இந்தியாவிற்குள் ஏடிஎம்மிலும் கடைகளின் ஸ்வைப் இயந்திரத்திலும் மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகின்றன. உள்நாட்டு இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி ஆகிய ஒவ்வொன்றையும் அட்டைதாரரே தனித்தனியாகத் திறந்துவிட வேண்டும். பழைய அட்டை காலாவதியாகிப் புதியது வந்திருந்தால், பழையதில் நீங்கள் திறந்து வைத்திருந்தவை புதியதிலும் தொடரும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தச் சுவிட்சுகள் வங்கியின் மொபைல் செயலியிலோ நெட்பேங்கிங்கிலோ ‘Manage Card’, ‘Card Controls’, ‘Usage’ போன்ற தலைப்புகளின் கீழ் இருக்கும். அங்கே ‘Domestic’, ‘International’ என்று இரு பிரிவுகளும், ஒவ்வொன்றின் கீழும் ஏடிஎம், கடை இயந்திரம், இணையம் என்ற வரிசைகளும் இருப்பது வழக்கம். சுவிட்சைத் திறந்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியேறுவதுதான் இங்கே அதிகம் நிகழும் தவறு. ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக ஒரு வரம்புத் தொகையும் உண்டு. அது பூஜ்ஜியமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால் சுவிட்ச் திறந்திருந்தும் பயனில்லை. மாற்றத்தைச் சேமித்த பின் வங்கியிடமிருந்து உறுதிக் குறுஞ்செய்தி வந்ததா என்றும் பாருங்கள்.

அடுத்து வெளிநாட்டு அமைப்பைப் பார்ப்போம். குழப்பம் அதிகம் நேர்வது இங்கேதான். ஒரு பரிவர்த்தனை உள்நாட்டினதா வெளிநாட்டினதா என்பதைத் தளத்தின் முகவரியோ மொழியோ விலை குறிக்கப்பட்ட நாணயமோ தீர்மானிப்பதில்லை; விற்பனையாளர் பணம் பெறும் வங்கிக் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியுள்ளது என்பதே தீர்மானிக்கிறது. முகவரி ‘.in’ என்று முடிந்து விலை ரூபாயில் காட்டப்பட்டாலும், பணம் சிங்கப்பூரிலோ அயர்லாந்திலோ உள்ள கணக்கிற்குச் சென்றால் உங்கள் வங்கிக்கு அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான். மென்பொருள் சந்தாக்கள், விடுதி முன்பதிவுத் தளங்கள், வெளிநாட்டுத் தேர்வுக் கட்டணங்கள் ஆகியவற்றில் இது அடிக்கடி நிகழ்கிறது. மறுத்தவுடன் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியில் ‘international’ என்ற சொல் இருந்தால் ஐயம் தீர்ந்தது.

ஓடிபி கேட்கப்படாததைக் கண்டு அஞ்ச வேண்டியதும் இல்லை. ஓடிபி போன்ற கூடுதல் உறுதிப்பாடு இந்தியாவிற்குள் நடக்கும் இணையப் பரிவர்த்தனைகளுக்குத்தான் 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டது. வெளிநாட்டு விற்பனையாளர் பலர் அதைக் கேட்காமலே, அட்டை எண்ணையும் சிவிவியையும் மட்டும் கொண்டு பணம் எடுக்கிறார்கள். வெளிநாட்டுச் சுவிட்சை மூடி வைத்திருப்பது உண்மையான பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. அதைத் திறந்தே விட்டுவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செலுத்தும் வேளையில் திறந்து, முடிந்ததும் மூடிவிடுவதே நல்லது. மூடிய பிறகும் திரும்ப வர வேண்டிய பணம் தடையின்றி வரவாகும். ஆனால் பிற்பாடு பணம் எடுத்துக்கொள்ளும் விடுதி முன்பதிவு போன்றவற்றில், எடுக்கும் நாள் வரை திறந்து வைத்திருக்க வேண்டும்.

அட்டையின் வகையையும் பார்த்துவிடுங்கள். சில டெபிட் அட்டைகளின் முகப்பிலோ பின்புறத்திலோ ‘Valid only in India’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அத்தகைய அட்டையில் வெளிநாட்டுச் சுவிட்ச் செயலியில் தோன்றவே தோன்றாது. வேறு வகை அட்டைக்கு விண்ணப்பிப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்ப்போம். திருநெல்வேலியில் இருக்கும் ஒரு தாய், மகனின் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்திற்கு 90 டாலர் கட்ட வேண்டும். டெபிட் அட்டைக் கணக்கில் ரூ. 62,000 இருக்கிறது. முதல் முயற்சியில் ஓடிபி பக்கம் வராமலே ‘Your card was declined’ என்று திரை காட்டுகிறது. வெளிநாட்டு இணையப் பயன்பாடு மூடியிருப்பதைக் கண்டு அவர் அதைத் திறக்கிறார். வரம்பு கேட்கும் இடத்தில், டாலர் 85 ரூபாய் என்று இணையத்தில் கண்ட விலையை வைத்து, 90 டாலருக்கு ரூ. 7,650 ஆகும் என்று கணக்கிட்டு ரூ. 7,700 என்று இடுகிறார். மீண்டும் மறுப்பு வருகிறது.

காரணம் எளியது. அட்டை நிறுவனம் கணக்கிடும் மாற்று விலை தேடுபொறி காட்டும் விலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அது 86.50 ஆக இருந்தால் தொகை ரூ. 7,785, வரம்பைத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 3.5 விழுக்காடு என்றால் சுமார் ரூ. 272, அந்தக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சுமார் ரூ. 49, ஆக மொத்தம் ஏறத்தாழ ரூ. 8,106 கணக்கிலிருந்து போகும். வரம்பை ரூ. 10,000 என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. கணக்கிட்ட தொகையைவிட வரம்பு பத்து விழுக்காடாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை வழக்கமாகக் கொள்ளலாம்.

வரம்பைக் கூட்டிய பிறகும் மூன்றாம் முறையாக மறுப்பு வரக்கூடும். இதுவரை வெளிநாட்டில் பயன்படாத அட்டையில் சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்து முயற்சிகள் நடந்தால், வங்கியின் மோசடிக் கண்காணிப்பு அதைத் திருட்டு முயற்சியாகக் கருதி அட்டையைத் தற்காலிகமாக நிறுத்தக்கூடும். இரண்டு முறை மறுக்கப்பட்டால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, அமைப்புகளைச் சரிபார்த்து, வங்கியிடம் கேட்ட பிறகே தொடர வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அறிகுறி 2: ஓடிபி பக்கம் வருகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை

இங்கே தடை கட்டணத்தில் இல்லை, செய்தி வந்து சேரும் பாதையில் இருக்கிறது. ஓடிபி பக்கத்தில் கைபேசி எண்ணின் கடைசி இலக்கங்கள் காட்டப்படும். முதலில் அவற்றைப் பாருங்கள். விற்பனைத் தளத்தில் நீங்கள் கொடுத்த எண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை, வங்கியில் பதிவான எண்ணுக்கு மட்டுமே ஓடிபி செல்லும். பழைய எண் காட்டப்பட்டால், வங்கி அனுமதிக்கும் முறைப்படி கிளையிலோ ஏடிஎம்மிலோ எண்ணை மாற்றிய பிறகுதான் அட்டையை இணையத்தில் பயன்படுத்த முடியும்.

எண் சரியாக இருந்தும் செய்தி வராவிட்டால், அண்மையில் சிம் மாற்றினீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தொலைந்த சிம்முக்குப் பதிலாகப் புதியது வாங்கினாலோ, இ-சிம்முக்கு மாறினாலோ, முதல் 24 மணி நேரத்திற்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒருவருடைய எண்ணைப் போலி ஆவணத்தால் கைப்பற்றி அவர் கணக்கைச் சுரண்டுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. அழைப்புகள் வந்துகொண்டிருப்பதால் சிம் முழுமையாக இயங்குகிறது என்று தோன்றும், ஆனால் ஓடிபி வராது. காத்திருப்பதே இதற்குத் தீர்வு. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய எண்ணில் ரோமிங் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளம்பரத் தடைப் பதிவு ஓடிபியைத் தடுக்காது. ஆகவே அதை நீக்கி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஓடிபி வந்தும் ‘Invalid OTP’ என்று காட்டினால், மறு அனுப்பு பொத்தானை அழுத்தினீர்களா என்பதே கேள்வி. அதை அழுத்தியவுடன் முந்தைய எண் செல்லாததாகிவிடும். ஆனால் செய்திகள் தாமதமாக வரும்போது முந்தைய எண்ணே முதலில் வந்து சேரும். அதை இட்டு மறுக்கப்படுவோர் பலர். இரண்டு செய்திகளும் வரும் வரை பொறுத்திருந்து கடைசியாக வந்ததை இடுங்கள், செய்தியில் உள்ள தொகை நீங்கள் செலுத்தும் தொகைதானா என்பதையும் அப்போதே ஒப்பிடுங்கள். தொகையோ விற்பனையாளர் பெயரோ மாறியிருந்தால் ஓடிபியை இடவே கூடாது.

அறிகுறி 3: ஓடிபி ஏற்கப்பட்டது, அதன் பிறகு மறுக்கப்பட்டது

இந்நிலையில் நீங்கள் உரிமையாளர்தான் என்பதை வங்கி ஒப்புக்கொண்டுவிட்டது, பரிவர்த்தனையைத்தான் ஏற்கவில்லை. ஓடிபியைத் திரும்பத் திரும்பப் பெற்று இடுவதால் எதுவும் மாறாது. பார்க்க வேண்டியவை வரம்பும் விற்பனையாளரின் வகையுமே.

வரம்பைப் பொறுத்தவரை, செயலியில் நீங்கள் வைத்த வரம்பு ஒன்று, அட்டை வகைக்கு வங்கி வைத்துள்ள உச்ச வரம்பு இன்னொன்று. அன்று ஏற்கெனவே செய்த செலவும் நாள் வரம்பில் சேரும் என்பதை மறந்துவிட வேண்டாம். காலையில் ரூ. 30,000 செலவிட்டிருந்தால், ரூ. 50,000 வரம்புள்ள அட்டையில் மாலையில் ரூ. 25,000 செல்லாது; கணக்கில் ஒரு லட்சம் இருந்தாலும் அப்படித்தான்.

அறிகுறி 4: மற்ற இடங்களில் எல்லாம் செல்கிறது, ஒருவகைத் தளத்தில் மட்டும் மறுக்கப்படுகிறது

இதுவே வணிக வகைத் தடையின் அடையாளம். அட்டை ஏற்கும் ஒவ்வொரு விற்பனையாளருக்கும் அவருடைய வங்கி நான்கு இலக்க எண் ஒன்றைக் கொடுத்திருக்கும். அதை எம்சிசி என்பார்கள். மளிகைக் கடைக்கு 5411, உணவகத்திற்கு 5812, பந்தயம், சூதாட்டத்திற்கு 7995, நாணயம் அல்லது கிரிப்டோ வாங்குவது போன்றவற்றுக்கு 6051 என்று அந்த எண்கள் அமைந்துள்ளன. நீங்கள் என்ன பொருள் வாங்குகிறீர்கள் என்பது உங்கள் வங்கிக்குத் தெரியாது. இந்த நான்கு இலக்கம்தான் தெரியும். குறிப்பிட்ட எண்களிலிருந்து வரும் கோரிக்கைகளை வங்கி மொத்தமாக மறுக்க முடியும்.

நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் உணவு அட்டையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அந்த அட்டை உணவகம், மளிகை போன்ற சில எண்களுக்கு மட்டுமே திறக்கப்பட்டிருக்கும். அட்டையில் ரூ. 3,000 இருக்கும் ஒருவர், எல்லாப் பொருட்களையும் விற்கும் பெரிய தளமொன்றில் அரிசியும் பருப்பும் வாங்குகிறார். அவர் வாங்குவது மளிகைதான். ஆனால் அந்தத் தளம் பல்பொருள் அங்காடி என்ற வகையில், 5311 என்ற எண்ணில் பதிவாகியிருந்தால் பரிவர்த்தனை மறுக்கப்படும். அதே பொருளை மளிகைக் கடையாகப் பதிவான இன்னொரு தளத்தில் வாங்கினால் தடையின்றிச் செல்லும். அட்டையில் பழுதில்லை, பணத்திலும் குறையில்லை, எண் பொருந்தவில்லை அவ்வளவே.

சாதாரண டெபிட், கிரெடிட் அட்டைகளில் இத்தடை இரண்டு வகையில் வருகிறது. ஒன்று சட்டம் சார்ந்தது. லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கான பணப் பரிமாற்றத்தில் வங்கிகள் ஈடுபடுவதை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றிய சட்டம் தடுக்கிறது. இத்தகைய தடையை எந்த வாடிக்கையாளர் சேவை அலுவலராலும் நீக்க இயலாது. வேறு அட்டையைத் தேடுவதும் வீண். அதைவிட, தடையைத் தாண்ட வழி காட்டுவதாகக் கூறும் தளத்தில் அட்டை விவரங்களைக் கொடுப்பது பெரும் ஆபத்து.

மற்றொன்று வங்கியின் சொந்தக் கொள்கை. கிரெடிட் அட்டையிலிருந்து வாலெட்டில் பணம் ஏற்றுவது, கிரிப்டோ வாங்குவது போன்றவற்றைச் சில வங்கிகள் அனுமதிப்பதில்லை, சில அனுமதித்துத் தனிக் கட்டணம் விதிக்கின்றன. இது வங்கிக்கு வங்கி மாறும் என்பதால், அதே கட்டணம் யுபிஐயிலோ நெட்பேங்கிங்கிலோ செல்லுமா என்று பார்ப்பதே எளிது. தளத்திற்கு எந்த எம்சிசி எண் தரப்பட்டுள்ளது என்பதை விற்பனையாளரிடமோ உங்கள் வங்கியிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பள்ளிக் கட்டணமோ மருத்துவமனைக் கட்டணமோ இவ்வாறு நிற்குமானால், விற்பனையாளர் தவறான வகையில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. அதைத் திருத்த வேண்டியவர் விற்பனையாளரின் வங்கியே.

அறிகுறி 5: முதல் மாதம் சென்றது, அடுத்த மாதம் மறுக்கப்பட்டது

சந்தாக்களில் மட்டும் இது நேரும். தானாக எடுக்கப்படும் தொகைக்கு நீங்கள் முன்கூட்டி ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும். எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். பொதுவாக ரூ. 15,000-க்கு மேற்பட்ட ஒவ்வொரு பிடித்தத்திற்கும் புதிதாக ஓடிபி தேவை. அட்டை மாற்றப்பட்டிருந்தால் பழைய ஒப்புதல் தொடராமல் போகலாம். சந்தாவை ரத்து செய்து புதிய அட்டையில் மீண்டும் பதிவு செய்வதே பெரும்பாலும் விரைவான வழி.

பணம் பிடிக்கப்பட்டும், அது வந்து சேரவில்லை என்று விற்பனையாளர் சொன்னால்

உடனே மீண்டும் செலுத்தாதீர்கள். இணையத்தில் அட்டைவழிச் செலுத்தியது இவ்வாறு பாதியில் நின்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு கூறுகிறது. இழப்பீட்டைப் பெற நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்றாலும், பரிவர்த்தனை எண்ணோடு வங்கிக்கு எழுதி வைப்பது நல்லது.

வங்கியிடம் என்ன கேட்பது

‘அட்டை வேலை செய்யவில்லை’ என்று சொன்னால் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற பதிலே பெரும்பாலும் வரும். முயன்ற தேதி, நேரம், தொகை, விற்பனையாளர் பெயர், அட்டையின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்து, அந்த முயற்சிக்குப் பதிவான மறுப்புக் குறியீடு எது என்று கேளுங்கள். 51 என்றால் இருப்புப் போதவில்லை, 54 என்றால் அட்டை காலாவதியானது, 57 என்றால் இந்தவகைப் பரிவர்த்தனை இந்த அட்டைக்கு அனுமதிக்கப்படவில்லை, 61 என்றால் தொகை வரம்பு தாண்டப்பட்டது, 91 என்றால் அந்த நேரத்தில் வங்கியின் அமைப்பு பதிலளிக்கவில்லை. சுவிட்ச் மூடியிருப்பதும் வணிக வகைத் தடையும் பல வேளைகளில் 57 என்ற எண்ணுக்குள்தான் அடங்கும். 05 என்பது காரணம் கூறாத பொது மறுப்பு; திரையில் ‘Do not honour’ என்று தோன்றுவது இதுவே. இதற்கு வங்கியின் மோசடிக் கண்காணிப்புப் பிரிவிடம் கேட்டால்தான் விடை கிடைக்கும். முயற்சியே பதிவாகவில்லை என்று வங்கி சொன்னால், கோரிக்கை வங்கியை எட்டுவதற்கு முன்பே விற்பனையாளரின் கட்டண அமைப்பில் நின்றுவிட்டது என்று பொருள். அடுத்து எழுத வேண்டியது விற்பனையாளருக்கு.

வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்தோ வங்கிச் செயலியிலிருந்தோ மட்டுமே எடுங்கள். தேடுபொறியில் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களில் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்திருக்கின்றன. மறுப்புக் குறியீட்டைத் தேடிச் சொல்ல எந்த அலுவலருக்கும் உங்கள் ஓடிபியோ சிவிவியோ தேவைப்படாது. அவற்றைக் கேட்பவரிடம் பேச்சை அப்போதே துண்டித்துவிடுங்கள். எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தின் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். அப்போது வங்கிக்கு நீங்கள் எழுதியதன் நகலும் மறுப்புக் குறியீடும் கையில் இருக்க வேண்டும்.